தோளைப் பார்த்துச் சொல்லுங்கள்

போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு போட்டோ போட்டான். ரிசப்ஷன் கோட் எடுக்கக் கடைக்குப் போயிருக்கிறான். ட்ரையல் ரூம் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து, நேவி ப்ளூ கோட்டில் சிரிக்கிறான். ஐந்து நிமிடத்துக்குள் குழுவே பொங்கிவிட்டது. 'சூப்பர்டா', 'ஹீரோ மாதிரி இருக்க', 'கண்ணு பட்டுடும், சுத்திப் போடுங்க'. கோட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தது அவன் முகத்தை.

எனக்கும் அதற்குமேல் தெரியவில்லை. ஆனால் திருச்சியில் எனக்குப் பழக்கமான கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடமாகக் கோட் வெட்டுபவர். அவருக்கு அந்தப் போட்டோவை அனுப்பி, 'எப்படி இருக்கு மாஸ்டர்?' என்று கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'முதல்ல தம்பியைக் கையைக் கீழ இறக்கச் சொல்லுங்க சார்.'

அன்று இரவு அவரோடு போனில் பேசியதும், அடுத்த நாள் வந்த போட்டோக்களை வைத்து அவர் காட்டியதும்தான் இந்தக் கட்டுரை. மாப்பிள்ளை ஓர் ஊரிலும் கடை வேறோர் ஊரிலும் இருக்க, அபிப்பிராயம் சொல்ல வேண்டியவர்கள் மூன்று ஊர்களில் இருக்கும் காலம் இது. கோட்டை நேரில் தொட்டுப் பார்க்க முடியாதபோது, போட்டோவிலிருந்தே எதையெல்லாம் உறுதியாகச் சொல்லலாம்?

முதலில் போட்டோவைச் சரிபாருங்கள்

கண்ணாடி முன் எடுத்த செல்ஃபியை வைத்து எந்தக் கோட்டையும் மதிப்பிட முடியாது என்றார் மாஸ்டர். காரணம் எளிது. போனைப் பிடிக்க ஒரு கையைத் தூக்கினால், அந்தப் பக்கத்துத் தோள் மேலே ஏறும். அதோடு கோட்டின் காலர் நகரும், நெஞ்சில் ஒரு மடிப்பு விழும், கீழ் விளிம்பு ஒரு பக்கம் தூக்கும். தைத்தவர் செய்த தப்பு எது, தூக்கிய கை செய்தது எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

கண்ணாடியில் இடம் வலமாகவும் மாறிவிடும். ஆண்கள் கோட்டில் மேல் பாக்கெட் அணிபவரின் இடது நெஞ்சில் இருக்கும். எதிரே நின்று எடுத்த போட்டோவில் அது பார்ப்பவருடைய வலது கைப்பக்கம் தெரியவேண்டும். இடது பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அந்தப் பக்கம் பேட் ஏற்ற வேண்டும் என்று டெய்லரிடம் சொல்லப் போகிறவர்கள் இதை மறந்தால், சரியாக இருந்த தோளில் கைவைத்துவிடுவார்கள்.

அடுத்தது, எடுப்பவர் நிற்கும் தூரம். போன் கேமரா அகன்ற கோணத்தில் பார்ப்பது. மூன்றடி தூரத்தில் நின்று முழு ஆளையும் பிடிக்க, எடுப்பவர் போனைக் கீழே சாய்ப்பார். அப்போது தலையும் தோளும் பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். தரையில் உட்கார்ந்து மேல்நோக்கி எடுத்தால் கால் நீண்டு, வயிறு முன்னால் வரும். இரண்டிலும் கோட்டின் நீளம் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

மாஸ்டர் கேட்ட போட்டோக்கள் மூன்று: முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். வேறொருவர் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். போனில் 2x ஜூம் வைத்து, கோட் பட்டன் உயரத்தில் போனை நேராகப் பிடித்து எடுக்க வேண்டும். பட்டன் போட்டிருக்கவேண்டும், கைகள் இரண்டும் தொங்கவேண்டும். பாக்கெட்டில் போன், பர்ஸ், வண்டிச் சாவி எதுவும் இருக்கக்கூடாது. கல்யாணத்தன்று போடப்போகும் சட்டையும் ஷூவும் அதே போட்டோவில் இருந்தால் நல்லது. டி-ஷர்ட்டுக்கு மேல் கோட் போட்டு, செருப்போடு நின்றால் காலரையும் பார்க்க முடியாது, பேன்ட் நீளத்தையும் பார்க்க முடியாது.

மறுநாள் கடைக்காரப் பையனே அந்த மூன்றையும் எடுத்துக் கொடுத்தான். அப்போதுதான் கதை தெரிந்தது.

வயிற்றுக்கு வாங்கிய கோட்

முன்பக்கப் போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிற்றருகே பட்டன் இறுக்கமில்லாமல் நன்றாகப் படிந்திருந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். மாஸ்டர் வயிற்றைப் பார்க்கவே இல்லை. 'தோள்ல கை சேர்ற தையலைப் பாருங்க' என்றார்.

உடம்பையும் கையையும் சேர்க்கும் தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். இவனுக்கு அது எலும்பைத் தாண்டி முக்கால் இஞ்ச் வெளியே போயிருந்தது. அந்த முக்கால் இஞ்சுக்கு அடியில் தாங்க உடம்பு இல்லை. பேட் மட்டும் கூரை விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அதற்குக் கீழே, கையின் மேல்பகுதியில் துணி உள்ளே விழுந்து ஒரு குழி. மேலிருந்து வெளிச்சம் படும்போது அந்தக் குழியில் நிழல் விழும். போட்டோவில் தோளுக்குக் கீழே பிறை வடிவத்தில் இருட்டாக ஒரு தடம் தெரிந்தால் தோள் பெரிது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறாகத் தோள் சிறியதாக இருந்தால், தையலுக்குக் கீழே புஜம் புடைத்துக்கொண்டு தெரியும்.

'இது வயித்துக்கு வாங்கின கோட்டு சார்' என்றார் மாஸ்டர். நம் ஊரில் ரெடிமேட் கோட் வாங்கும்போது நடக்கிற முக்கியமான தப்பு இதுதானாம். பையனுக்குத் தோள் 38 சைஸ். ஐ.டி. வேலையில் சேர்ந்த பிறகு லேசாகத் தொப்பை. 38 போட்டால் வயிற்றில் இழுக்கிறது. கடையில் உடனே 40 எடுத்துக் கொடுக்கிறார்கள். பட்டன் சுலபமாகப் போடவருகிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் வயிற்றுக்காகச் சைஸ் ஏற்றும்போது தோள், நெஞ்சு, கை எல்லாமே சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. ஒல்லியான தோளின் மேல் அடுத்தவர் கோட்டைத் தொங்கவிட்டது போல் ஆகிவிடும். அப்பா கோட்டை மகன் போட்டிருக்கிறான் என்று சொல்வோமே, அந்தத் தோற்றம் இங்கிருந்துதான் வருகிறது.

தோளை முதலில் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. கோட்டில் திருத்த முடியாத இடம் என்றால் அதுதான். தோளைக் குறைக்க வேண்டுமானால் கையைப் பிரித்தெடுத்து, பேடைக் கழற்றி, கை ஏறும் வளைவை மறுபடி வெட்டி, உள்லைனிங்கோடு சேர்த்துத் திரும்பத் தைக்க வேண்டும். உள்ளே பசை போட்டு ஒட்டிய ரெடிமேட் கோட்டில் இது பெரும்பாலும் சரியாக அமையாது. கூலியும் கோட்டின் விலையை எட்டிப் பார்க்கும். வயிறு அப்படியில்லை. முதுகின் நடுத் தையலிலும் விலாத் தையலிலும் உள்ளே விட்ட துணி இருந்தால், பிரித்துவிட்டு முக்கால் இஞ்ச், ஓர் இஞ்ச் வரை கிடைக்கும். எவ்வளவு துணி இருக்கிறது என்பதை லைனிங்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துக் கடையிலேயே சொல்லிவிடலாம்.

ஆகவே, தோளுக்கு வாங்கி வயிற்றைப் பிரித்துவிட வேண்டும். வயிற்றுக்கு வாங்கித் தோளைக் குறைக்க முடியாது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போட்டோவைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறது?

தோள் சரி என்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது சுருக்கங்களை. அதற்கு மாஸ்டர் சொன்ன கணக்கு எளிது. குறுக்கே ஓடும் சுருக்கம் துணி போதவில்லை என்கிறது. நெடுக்காகத் தொங்கும் மடிப்பு துணி மிச்சம் என்கிறது. சாய்வாக ஓடும் சுருக்கம் எந்த இடத்தை நோக்கிப் போகிறதோ, பிரச்சினை அந்த இடத்தில்.

பையன் அன்று 38 சைஸையும் போட்டுப் படம் அனுப்பியிருந்தான். தோள் கச்சிதம். ஆனால் பட்டனிலிருந்து நான்கு பக்கமும் சுருக்கம் ஓடி, பெருக்கல் குறி போட்டதுபோல் இருந்தது. எல்லாச் சுருக்கமும் பட்டனில் வந்து முடிகிறது. ஆக, இறுக்கம் அங்கேதான், வேறெங்கும் இல்லை. லேசான பெருக்கல் குறி என்றால் பட்டனை அரை இஞ்ச் நகர்த்தினாலே போய்விடும். இவனுக்குக் கொஞ்சம் ஆழமாக விழுந்தது; தையலைப் பிரித்துவிட வேண்டும்.

பின்பக்கப் போட்டோவை யாரும் கேட்பதே இல்லை. ஆனால் ரிசப்ஷன் மேடையில் பரிசு கொடுக்க வருகிறவர்களை வரவேற்கத் திரும்பித் திரும்பி நிற்கும் மாப்பிள்ளையின் முதுகைக் கேமரா நிறையவே பார்க்கும். அதில் பார்க்க இரண்டு இடங்கள். ஒன்று கழுத்து. கோட் காலர் சட்டைக் காலரைக் கட்டிப்பிடித்தாற்போல் உட்கார்ந்து, அதற்கு மேலே அரை இஞ்ச் சட்டைக் காலர் தெரியவேண்டும். இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், கோட் முன்னால் இழுக்கிறது அல்லது அவர் கூன் போட்டு நிற்கிறார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் குனிந்திருப்பவர்களுக்கு இது சகஜம். நேராக நிமிர்ந்து நின்று இன்னொரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அப்போது இடைவெளி மறைந்தால் கோட்டில் குற்றமில்லை. மறையாவிட்டால் காலரைப் பிரித்து ஏற்றித் தைக்கவேண்டும். அது அனுபவமுள்ள கையால் ஆகவேண்டிய வேலை.

இரண்டாவது, கோட்டின் பின்னால் கீழே விட்டிருக்கும் வெட்டு. நேராக நிற்கும்போது அது மூடியிருக்க வேண்டும். விரிந்து பேன்ட் தெரிந்தால் இடுப்புக்குக் கீழே துணி போதவில்லை என்று அர்த்தம். கண்ணாடி முன் நிற்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது.

ஆளுக்கு ஏற்ற நீளம்

எங்கள் பையன் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். 40 சைஸ் கோட் அவன் பின்பகுதியைத் தாண்டி இன்னும் இரண்டு இஞ்ச் கீழே இறங்கியிருந்தது. பின்பகுதியை மூடி அங்கேயே முடிவதுதான் அளவு. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வோர் இஞ்சும் காலிலிருந்து திருடுவது. குள்ளமானவர் இன்னும் குள்ளமாகத் தெரிவார். கோட் நீளத்தைக் கீழே வெட்டிக் குறைத்தால் பாக்கெட் விளிம்புக்குப் பக்கத்தில் வந்து அசிங்கமாகிவிடும். ஆகவே நீளமும் கிட்டத்தட்ட தோள் மாதிரிதான், வாங்கும்போதே சரியாக இருக்கவேண்டும்.

கையின் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மணிக்கட்டு எலும்பில் முடிந்து, சட்டைக் கை கால் முதல் அரை இஞ்ச் வெளியே தெரியவேண்டும். அதிகமாக இருந்தால் ஒரு மணி நேர வேலை. கைப் பட்டன்களுக்கு நிஜமாகவே காஜா வெட்டித் திறந்திருந்தால் மட்டும் கொஞ்சம் சிக்கல்.

பேன்ட்டில் நம் ஆட்கள் செய்யும் ஒரு காரியத்தை மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவது. அதைப் போட்டோவில் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு: போட்ட பட்டனுக்குக் கீழே, கோட் இரண்டாகப் பிரியும் இடத்தில், வெள்ளைச் சட்டை ஒரு முக்கோணமாக எட்டிப் பார்க்கும். அது தெரியவே கூடாது. பேன்ட்டைத் தொப்புள் பக்கமாக ஏற்றிப் போட்டால் முக்கோணமும் மறையும், காலும் நீளமாகத் தெரியும், ஷூ மேல் குவியும் துணியும் குறையும். காசு செலவில்லாத ஆல்டரேஷன்.

போட்டோவில் நிறத்தை நம்பாதீர்கள்

பொருத்தத்தைப் பற்றிப் போட்டோ சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கும். நிறத்தைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது. ட்ரையல் ரூம் விளக்கு மஞ்சளாக இருக்கும். போன் தானாகவே நிறத்தைச் சமன் செய்யப் பார்க்கும். போதாததற்குப் பையன் போனில் முகத்தை வெளுப்பாக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். அந்த வெளுத்த முகத்தின் பக்கத்தில் வைத்து இந்த நிறம் அவனுக்கு எடுக்கிறதா என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. அந்த வசதியை முதலில் அணைக்கச் சொல்லுங்கள்.

போட்டோ நிறத்தில் பொய் சொல்கிறதா என்று பார்க்க, படத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அது வெள்ளைச் சட்டை. சட்டை மஞ்சளாகத் தெரிந்தால் கோட்டிலும் அதே மஞ்சள் ஏறியிருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் கோட்டிலும் பாய்ந்திருக்கிறது. சட்டை வெள்ளையாக இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடிக்கச் சொல்லலாம். கடை வாசலுக்கு வந்து, நேர் வெயில் படாத நிழலில் எடுத்த படமே நம்பத் தகுந்தது. கோட்டும் பேன்ட்டும் தனித்தனியாக எடுத்ததென்றால் இந்த வாசல் போட்டோ கட்டாயம். விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நேவி ப்ளூக்கள், பகல் வெளிச்சத்தில் ஒன்று பச்சை பாய்ந்தும் ஒன்று ஊதா பாய்ந்தும் நிற்கும்.

ஆனால் ரிசப்ஷன் நடப்பது இரவில், விளக்கில். அதற்காக ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் தனியாகக் கேட்டார் மாஸ்டர். இரண்டு விஷயம் தெரியவருமாம். பாலியெஸ்டர் அதிகமுள்ள துணி ஃப்ளாஷ் பட்டதும் எண்ணெய் தேய்த்தது போல் மின்னும். முழங்கையிலும் தோளிலும் வெள்ளைப் பூச்சாகத் தெரியும். இன்னொன்று, அடர்ந்த நேவி ப்ளூ விளக்கில் கறுப்பாகிவிடும். கறுப்பென்றே நினைத்து வாங்கினால் கவலை இல்லை. நீலம் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரு படி இளசாக எடுக்க வேண்டும்.

மணப்பெண்ணின் புடவைக்குப் பொருத்தமாக எடுப்பதில் ஒரு பொறி உண்டு. அவள் அரக்கு நிறப் பட்டு என்றால் இவனுக்கும் மெரூன் கோட் என்று தேடுவார்கள். பட்டு மின்னும், கோட் துணி மின்னாது. ஒரே சாயம் ஏற்றியிருந்தாலும் இரண்டும் ஒன்றாகத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, பொருத்த முயன்று தவறவிட்டது போல் இருக்கும். கோட்டை வேறு நிறத்தில் வைத்து, டையிலோ மேல்பாக்கெட் கைக்குட்டையிலோ அரக்கைக் கொண்டுவருவது பாதுகாப்பு. ரவிக்கைத் துணியில் ஒரு துண்டைக் கோட்டின் மேல் வைத்து, வாசல் நிழலில் ஒரு படம் எடுத்தால் விவாதமே தேவையில்லை.

முகூர்த்தத்துக்கும் இதே புத்திதான். பட்டு வேஷ்டி பால்வெள்ளை அல்ல. லேசான சந்தனச் சாயல் கொண்டது. அதற்கு மேல் பளிச்சென்ற வெள்ளைச் சட்டை போட்டால், வேஷ்டி பழசு போலப் போட்டோவில் விழும். வேஷ்டியையும் சட்டையையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்துப் பார்க்காமல் சட்டையை வாங்காதீர்கள்.

போட்டோ சொல்லாதது

நின்ற படத்தில் கச்சிதமாக இருக்கும் கோட், மாப்பிள்ளை வேலை செய்ய ஆரம்பித்ததும் மாட்டிக்கொள்ளலாம். அவர் மூன்று மணி நேரம் நின்று கைகுலுக்க வேண்டும், பெரியவர்கள் காலில் விழ வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும். அதனால் மாஸ்டர் கடைசியாகக் கேட்டது பத்து விநாடி வீடியோ ஒன்று. அதில் பையன் குனிந்து தரையைத் தொட்டு எழுந்தான், இரண்டு கையையும் நீட்டிப் பொட்டலம் வாங்குவது போல் செய்தான், பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். கையை நீட்டும்போது முதுகு கொஞ்சம் இறுகுவது இயல்பு. கோட்டே காதுவரை ஏறினாலோ, குனியும்போது பேன்ட் தையல் இழுத்தாலோ அந்த அளவு சரியில்லை.

எங்கள் வீட்டுக் கதை இப்படி முடிந்தது. 40 திரும்பிப் போனது. 38 எடுத்து, முதுகிலும் விலாவிலுமாக முக்கால் இஞ்ச் பிரித்துவிட்டு, பட்டனைக் கொஞ்சம் நகர்த்தி, கையில் அரை இஞ்ச் குறைத்தார்கள். வலது தோள் லேசாக இறக்கம் என்று பின்பக்கப் போட்டோவில் தெரிந்ததால் அந்தப் பக்கம் மட்டும் மெல்லிசாக ஒரு பேட் வைத்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் அந்தப் போட்டோ வந்திருந்தால் நாங்களும் 'சூப்பர்டா' என்றுதான் சொல்லியிருப்போம், வேறு வழியில்லாமல்.

உங்கள் வீட்டுப் பையன் கோட் போட்டோ அனுப்பினால், வாழ்த்துவதற்கு முன்னால் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று படம் கேளுங்கள். தோளில் தையல் எங்கே முடிகிறது என்று மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அது எலும்பைத் தாண்டியிருந்தால் பாக்கிப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்று உடனே போன் செய்யுங்கள்.